அந்தியில தீனி, ராவுல கூண்டு



எங்கிட்ட 20 நாட்டுக்கோழி இருக்கு. பகல்ல புழு, புல், சிந்தின தானியம்னு தானே மேய்ஞ்சுக்கும். காலையிலேயே வயிறாரத் தீனி போட்டா மேயப் போகாது, வாசல்லயே நிக்கும். அதனால பொழுது சாயும்போது கூண்டுக்குள்ளதான் போடுவேன். கூப்பிடாமலே வந்து அடைஞ்சிடும்.

கோழிக்கு 40 கிராம் கணக்கு. கம்பு, உடைச்ச மக்காச்சோளம், அரிசிக் குருணை கலந்து மொத்தம் 800 கிராம். போடுறதுக்கு முன்னாடி நாலைந்து கோழியைப் பிடிச்சு, கழுத்தடியில இரைப்பையைத் தொட்டுப் பார்ப்பேன். நிறைஞ்சிருந்தா அன்னைக்கு மேய்ச்சல் போதும், தீனியைக் குறைப்பேன். அறுவடை முடிஞ்ச சமயம் அப்படித்தான் இருக்கும். கோடையில காலியா இருக்கும், கூட்டிப் போடுவேன். விடிஞ்சும் இரைப்பை இறங்காம கெட்டியா இருந்தா செரிக்கலைன்னு அர்த்தம். அந்தக் கோழியைத் தனியா வைச்சு மருத்துவர்கிட்ட காட்டணும்.

கூண்டு 8 அடிக்கு 5 அடி. கோழிக்கு 2 சதுர அடி கிடைக்கும். கீரி நுழையாத கம்பிவலை, உள்ளே உட்கார மூங்கில் கழி. காலையில திறக்கும்போது மூக்கு எரிஞ்சா எச்சம் சேர்ந்திருக்கு, காத்தும் பத்தலை.

ஒண்ணு மட்டும் சொல்றேன். நல்ல தீனியும் கூண்டும் வெள்ளைக்கழிச்சலைத் தடுக்காது. குஞ்சுக்கு 7-ஆம் நாள் சொட்டு மருந்து, 8-ஆம் வாரம் ஊசி, ரெண்டும் போட்டே ஆகணும்.