திறக்கும் நாளும் கொடுக்கும் நாளும்

சித்திரைப் புத்தாண்டு நெருங்கும்போது கண்டி நகரத்து அச்சகங்கள், தையற்கடைகள், நகைப்பட்டறைகள் யாவற்றிலும் தம் வாடிக்கையாளருக்கு விடுமுறை அறிவித்தல் எழுதும் வழக்கம் உண்டு. அவ்வறிவித்தலை எவ்விதம் எழுதினால் கொடுத்த வாக்குப் பிழைக்காது என்பதை 2025ஆம் ஆண்டின் நாட்காட்டியை முன்வைத்து இன்று ஆராய விரும்புகிறேன்.

அவ்வாண்டு ஏப்ரல் 12ஆம் திகதி சனிக்கிழமை பௌர்ணமி. 13, 14ஆம் திகதிகள் புத்தாண்டு விடுமுறை. 18ஆம் திகதி பெரிய வெள்ளி. அன்றைய தினமே, பதினாறு ஆண்டுகளுக்குப் பின்னர், தலதா மாளிகையில் புனித தந்த தாதுவைப் பொதுமக்கள் தரிசிக்கும் வைபவமும் ஆரம்பமாகி 27ஆம் திகதி வரை நீடித்தது. நாட்டின் நாலா திசைகளிலிருந்தும் வந்த பக்தர்கள் வரிசையிற் காத்து நின்றனர். கண்டிக்கு வருவதைச் சற்றுத் தவிர்க்குமாறு அதிகாரிகளே கேட்டுக்கொள்ளும் அளவுக்கு நகரம் நிரம்பியது.

இந்நிலையில், திருமண அழைப்பிதழ் அச்சிடும் ஓர் அச்சகம், "11ஆம் திகதி மாலை மூடி 16ஆம் திகதி புதன்கிழமை திறப்போம்" என்று மட்டும் அறிவித்ததாக வைத்துக்கொள்வோம். வைகாசி முதல் வாரத்தில் மகளுக்கு விவாகம் நிச்சயித்திருக்கும் கம்பளைத் தகப்பனார் அதைப் படித்தால், 16ஆம் திகதி போனால் அழைப்பிதழ் கிடைக்கும் என்றே விளங்கிக்கொள்வார். ஆனால் அச்சகத்தார் சொன்னதோ கதவு திறக்கும் நாளை மாத்திரமே. மனஸ்தாபத்தின் மூலகாரணம் இதுதான்.

பிழை திருத்தப் படியில் வாடிக்கையாளர் சம்மதம் தெரிவித்த பின், தகடு எடுத்து, அச்சிட்டு, மை உலரவிட்டு, பொன்தாள் பதித்து, வெட்டி மடித்து, உறையுடன் சேர்த்துக் கட்ட ஐந்து வேலைநாட்கள் தேவை என்று கொள்வோம். ஆகவே 11ஆம் திகதி வெள்ளிக்கிழமை கட்டுக் கைமாற வேண்டுமாயின், சம்மதம் 4ஆம் திகதி வெள்ளிக்கிழமைக்குள் வந்தாக வேண்டும். அப்படி வந்துவிட்டால் அந்தக் குடும்பத்தார் புத்தாண்டுக்கு உறவினர் வீடுகளுக்குச் செல்லும்போதே அழைப்பிதழையும் நேரிற் கொடுத்துவிடலாம். யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் தபாலில் அனுப்பவும் அவகாசம் மிகுதியாக இருக்கும்.

சம்மதம் பிந்தினால் கணக்கு வேறாகிறது. 16, 17, பெரிய வெள்ளியையும் வாரவிடுமுறையையும் தள்ளி 21, 22, 23 என்று எண்ணினால், 23ஆம் திகதி புதன்கிழமை வேலை முடியும் என்று காகிதத்தில் தோன்றும். ஆயினும் அட்டனிலும் நுவரெலியாவிலும் வீடுள்ள ஊழியர்கள் முதல் நாளே திரும்புவதில்லை. வேலைக்குப் புறப்படும் சுபநேரத்தைப் பார்த்துக் கிளம்புவோர் பலர். பேருந்தில் இடம் கிடைப்பதும் அரிது. அச்சு இயந்திரத்தை இயக்குபவர் வந்து, வெட்டும் இயந்திரத்தில் நிற்பவர் வராதிருந்தால், அச்சான தாள்கள் மேசைமேல் அடுக்கப்பட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். இவற்றோடு தரிசன வரிசைகளும் வீதித் தடைகளும் சேர்கையில், 28ஆம் திகதி திங்கட்கிழமை என்று எழுதுவதே நியாயம். 23ஆம் திகதியை எழுதி ஐந்து நாள் பிந்துவதைக் காட்டிலும் முதலிலேயே 28 என்று சொல்வது வாடிக்கையாளருக்கு நன்மை, ஏனெனில் அதற்கேற்பத் தம் காரியங்களை அவர் ஒழுங்கு செய்துகொள்வார்.

எனவே அறிவித்தலை நான் இவ்வாறு எழுதுவேன்: "ஏப்ரல் 11 வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு மூடி, 16 புதன்கிழமை காலை திறப்போம். பிழை திருத்தப் படிக்கு ஏப்ரல் 4 வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் தந்தவர்களின் வேலை 11ஆம் திகதி கையளிக்கப்படும். அதன் பின் சம்மதம் தருவோரின் வேலை 28 திங்கட்கிழமை கையளிக்கப்படும். அதற்கு முன் அவசியம் வேண்டுவோர் இப்போதே தெரிவித்தால், பொன்தாள் வேலையைத் தவிர்த்து 11ஆம் திகதிக்குள் முடித்துத்தர இயலுமா என்று பார்த்துச் சொல்வோம்."

இதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, மார்ச் மாதத்தின் இறுதி வாரத்திலேயே வாடிக்கையாளர் கைக்குச் சேர்த்துவிட வேண்டும். 4ஆம் திகதி கடந்தபின் கிடைக்கும் அறிவித்தலில் அந்தத் திகதி பயனற்றுப் போகிறது. கடைக் கதவில் ஒட்டுவது மட்டும் போதாது, ஏனெனில் முற்பணம் கட்டிச் சென்ற கம்பளைக்காரர் அக்கதவைப் பார்ப்பது, பெரும்பாலும், அது மூடியிருக்கும் நாளில்தான். ஆகையால் ஒவ்வொருவருடைய ரசீதிலும் அவருக்குரிய கையளிக்கும் திகதியைக் கிழமையோடு எழுதி, அவருடைய சம்மதம் எந்நாளுக்குள் வரவேண்டும் என்பதையும் அதன் அருகிலேயே குறித்துக் கொடுப்பது உத்தமம். அப்போது தாமதம் எங்கே நேர்ந்தது என்பதில் இரு தரப்பாருக்கும் வாக்குவாதத்துக்கு இடமிராது.