பதினஞ்சு டாலர் லோகோவும் பதினொரு ரிவிஷனும்

போன எபிசோடுக்கு வந்த மெயில்ல நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீங்க. "ஃபைவர்ல லோகோ டிசைன் கிக் போட்டிருக்கேன், டைட்டிலும் டிஸ்க்ரிப்ஷனும் என்ன எழுதணும்?" இன்னிக்கு அதை மட்டும் பேசலாம். தம்ப்நெயில், விலை எல்லாம் வேற நாள்.

என் பழைய ரூம்மேட்டோட கதையில இருந்து ஆரம்பிக்கிறேன். அவன்கிட்ட கேட்டுட்டுதான் சொல்றேன், பேர் மட்டும் வேண்டாம்னான். நல்லா கை ஓடுற பையன். எழுத்துருவை வாங்கிப் போடாம, கையால எழுத்து வரைஞ்சு லோகோ பண்ணுவான். ஆனா அவனோட முதல் கிக் டைட்டில் இதுதான்:

I will design a modern minimalist creative unique professional business logo

ஃபைவர்ல டைட்டில் எப்பவும் "I will" என்றுதான் ஆரம்பிக்கும். அதுக்கு அப்புறம் நமக்கு 80 எழுத்துவரைக்கும் இடம். இவன் கிட்டத்தட்ட எழுபதைச் செலவு பண்ணியிருக்கான். அதுல அஞ்சு பெயரடை. எடுத்துட்டுப் படிச்சுப் பாருங்க: லோகோ பண்ணித் தருவேன். அவ்வளவுதான் மிச்சம். அவன் கையால எழுத்து வரைவான்கிற ஒரே விஷயம், அவனை மத்தவங்ககிட்ட இருந்து பிரிச்சுக் காட்டுற விஷயம், டைட்டில்லயே இல்லை.

டிஸ்க்ரிப்ஷன் இன்னும் மோசம். "எந்த ஸ்டைலும் பண்ணுவேன், மூணு கான்செப்ட், அன்லிமிடெட் ரிவிஷன், நூறு சதவீதத் திருப்தி." பக்கத்துல எல்லாரும் அப்படித்தான் எழுதியிருந்தாங்க, அதனால இவனும் எழுதிட்டான். பேசிக் பேக்கேஜ் 15 டாலர்.

ஒரு ஆர்டர் வந்தது. வீட்டுல கேக் பண்ணி விக்கிற ஒரு அம்மா, வெளிநாட்டுல இருந்து. மூணு கான்செப்ட் அனுப்பினான். அவங்க முதல்ல ஒண்ணு பிடிச்சிருக்குன்னாங்க. அப்புறம் கலர் மாத்தச் சொன்னாங்க. அப்புறம் முதல் கான்செப்டோட எழுத்தையும் மூணாவதோட படத்தையும் சேர்க்கச் சொன்னாங்க. ஆறாவது தடவை, "என் கணவருக்குப் பிடிக்கல, வேற ஐடியா காட்ட முடியுமா?" மொத்தம் பதினொரு ரவுண்டு. ராத்திரி ரெண்டு மணிக்கு என்கிட்ட வந்து, "மச்சான், இது ரிவிஷனா, புது லோகோவாடா?"ன்னு கேட்டான். நான் அவனோட டிஸ்க்ரிப்ஷனைத் திறந்து காட்டினேன். அந்த அம்மா மேல தப்பே இல்லை. இவன் எழுதினதைத்தான் அவங்க கேட்டாங்க.

ஃபைவர் 20 சதவீதம் எடுத்துக்கும். 15 டாலர்ல கைக்கு வர்றது 12. ஒன்பது நாள் வேலை. கடைசியில அவங்க சோர்ஸ் ஃபைலும் கேட்க, இவன் அது இதுல சேராதுன்னு சொல்ல, ரெண்டு பேரும் பேசி ஆர்டரைக் கேன்சல் பண்ணிக்கிட்டாங்க. அந்த 12 டாலரும் போச்சு.

சரி, நாங்க என்ன மாத்தினோம்? முதல்ல டைட்டில். "யாருக்கு, என்ன, எப்படி" இந்த மூணும் டைட்டில்லயே தெரியணும்னு முடிவு பண்ணினோம்:

I will design a hand lettered logo for your bakery or cafe

"பேக்கரின்னு போட்டா மத்த ஆளுங்க வரமாட்டாங்களே?"ன்னு பயந்தான். நியாயமான பயம்தான். ஆனா புதுசா வந்த ஒருத்தர், ரிவ்யூவே இல்லாம, "மினிமலிஸ்ட் லோகோ"ன்னு தேடுற இடத்துல ஆயிரக்கணக்கான ரிவ்யூ வச்சிருக்கிறவங்களோட மோதி மேல வரமுடியாது. பேக்கரிக்குக் கையெழுத்து லோகோன்னு தேடுறவங்க குறைவுதான். ஆனா தேடுறவங்களுக்கு இந்த டைட்டில் நேரா போய்ச் சேரும். ஜிம்முக்கோ கட்டுமானக் கம்பெனிக்கோ லோகோ வேணும்னா அதுக்குத் தனி கிக் போடலாம், தனி டைட்டிலோட.

இங்க ஒரு சின்ன விஷயம், நிறைய பேருக்குத் தெரியாது. கிக்கை முதல்ல சேவ் பண்ணும்போது இருக்கிற டைட்டில்ல இருந்துதான் அதோட லிங்க் உருவாகுது. அப்புறம் டைட்டிலை மாத்தினாலும் லிங்க் பழசாவே இருக்கும். அதனால அவனோட பழைய கிக்கைத் திருத்தாம, புதுசா ஒண்ணு போட்டோம். நீங்க இன்னும் போடலைன்னா, சேவ் அழுத்துறதுக்கு முன்னாடியே டைட்டிலை முடிவு பண்ணிக்கோங்க. அஞ்சு டேக் தருவாங்க, அதுல டைட்டில்ல இருக்கிற அதே வார்த்தைகளையும் அதுக்குப் பக்கத்து வார்த்தைகளையும் போட்டா போதும்.

அடுத்தது டிஸ்க்ரிப்ஷன். இதுக்கு 1200 எழுத்துதான். சொல் இல்ல, எழுத்து. அதுல "டிசைன் மேல எனக்குச் சின்ன வயசுல இருந்தே ஆர்வம்"னு ஆரம்பிச்சா, கால்வாசி அங்கேயே போயிடும். முதல் வரியே வாங்குறவங்களோட கடையில இருந்து ஆரம்பிக்கட்டும். அவன் எழுதினது ஏறக்குறைய இப்படி: உங்க பேக்கரியோட பேரை நான் கையால எழுதி லோகோவாக்கித் தருவேன், கேக் பெட்டியிலும் கடை போர்டிலும் இன்ஸ்டாகிராம் வட்டத்துக்குள்ளயும் அது படிக்கிற மாதிரி இருக்கும். அந்த இன்ஸ்டா வட்டம் முக்கியம். நீளமான பேரை அந்தச் சின்ன வட்டத்துல போட்டா ஒண்ணும் தெரியாது, அதனால முதல் எழுத்தை மட்டும் வச்சு ஒரு சின்ன வடிவமும் தர்றதா எழுதினான்.

அப்புறம் ரிவிஷன். இதுலதான் நாங்க ரொம்ப நேரம் உட்கார்ந்தோம். "அன்லிமிடெட்" போச்சு, "ரெண்டு ரவுண்டு" வந்தது. ஆனா எண்ணிக்கை மட்டும் போதாது. ரிவிஷன்னா என்னன்னு சொல்லணும். நீங்க தேர்ந்தெடுத்த கான்செப்ட்டுக்குள்ள கலர், எழுத்தோட தடிமன், இடைவெளி, அளவு இதெல்லாம் மாத்துறது ரிவிஷன். புதுசா ஒரு ஐடியா வரையறது ரிவிஷன் இல்லை, அதுக்குத் தனி விலை. ஒரு ரவுண்டுங்கிறது உங்க எல்லாத் திருத்தத்தையும் ஒரே மெசேஜ்ல அனுப்புறது. இந்த மூணாவது வரியை நான்தான் சேர்க்கச் சொன்னேன், கொஞ்சம் பெருமைதான். அது இல்லன்னா காலையில கலர், மதியம் சைஸ், சாயங்காலம் கணவர்னு துண்டு துண்டா வரும், எதை எண்ணுறதுன்னே தெரியாது.

கான்செப்ட்டையும் மூணுல இருந்து ரெண்டாக் குறைச்சோம். கையால வரையற வேலைக்கு மூணு கொடுத்தா ஒண்ணு கண்டிப்பா ஒப்புக்கு இருக்கும். வாங்குறவங்க சரியா அதைத்தான் தேர்ந்தெடுப்பாங்க. சிரிக்காதீங்க, டிசைனர் யாரை வேணா கேட்டுப் பாருங்க.

அடுத்தது ஃபைல். "ஹை குவாலிட்டி ஃபைல்"னு எழுதினா யாருக்கும் ஒண்ணும் புரியாது. வாங்குறவங்களுக்கு SVG-ன்னா என்னன்னு தெரியாமலே இருக்கலாம், ஆனா போர்டு அடிக்கிற கடைக்காரர் கேட்பார். ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 500 பிக்சல் அகலமுள்ள PNG-ஐ எட்டு அடி போர்டுல அடிச்சா, எட்டு அடின்னா 96 அங்குலம், ஒரு அங்குலத்துக்கு அஞ்சு பிக்சல்தான் வரும். எழுத்து ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி இருக்கும். வெக்டர் ஃபைல்ல அந்தப் பிரச்சினை வராது, கோடுகளாவே சேமிச்சிருக்கிறதால எவ்வளவு பெருசாக்கினாலும் ஓரம் கூர்மையா இருக்கும்.

அதனால அவன் ஃபைல் பேரோட அது எதுக்குன்னும் சேர்த்து எழுதினான். போர்டுக்கும் பெட்டிக்கும் SVG, PDF. வெப்சைட்டுக்குப் பின்னணி இல்லாத PNG. ரப்பர் ஸ்டாம்புக்கும் பில்லுக்கும் ஒரே கலர்ல ஒரு வடிவம். பக்கத்துலயே, எடிட் பண்ற AI ஃபைல் பேசிக்ல கிடையாது, ஸ்டாண்டர்ட்ல உண்டுன்னு ஒரு வரி. முதல் ஆர்டர் உடைஞ்சது இந்த ஒரு வரி இல்லாததாலதான். நம்ம ஊர் பிரிண்டிங் கடைக்குப் போற லோகோன்னா CDR கேட்பாங்க, ஏன்னா அங்க நிறைய பேர் கோரல்ட்ராதான் வச்சிருக்காங்க. எழுத்தை அவுட்லைனா மாத்திக் கொடுத்த PDF இருந்தா பெரும்பாலும் சமாளிச்சுடலாம். அவுட்லைன் பண்ணலைன்னா உங்க ஃபான்ட் அவங்க கம்ப்யூட்டர்ல இருக்காது, வேற எழுத்துல திறக்கும், அப்படியே அடிச்சும் கொடுத்துடுவாங்க.

கடைசியா "ஒரிஜினல்"ங்கிற வார்த்தை. கொஞ்சம் ஜாக்கிரதை. ஸ்டாக் சைட்ல இருந்து ஒரு கப்கேக் ஐகானை எடுத்துப் பக்கத்துல பேரை எழுதி, டிஸ்க்ரிப்ஷன்ல "ஒரிஜினல், டிரேட்மார்க் ரெடி"ன்னு போடுறது சாதாரணமா நடக்குது. பெரும்பாலான ஸ்டாக் சைட்டோட லைசென்ஸ் அந்தப் படத்தை லோகோவாகவோ டிரேட்மார்க்காகவோ பயன்படுத்த விடாது. அதே ஐகானை வேற யார் வேணா எடுக்கலாம், அப்போ அது அந்தக் கடைக்கு மட்டும் எப்படிச் சொந்தமாகும்? ஃபான்ட்டும் அப்படித்தான். "சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம்"னு இருக்கிறதை வச்சு விக்கிற லோகோ பண்ணக்கூடாது. ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ்ல வர்றதுன்னா லோகோவுக்குப் பயன்படுத்தலாம். என் நண்பன் எழுதினது ரொம்ப எளிமை: எழுத்து நான் வரைஞ்சது, ஸ்டாக் படம் எதுவும் இல்லை, டிரேட்மார்க் தேடலும் பதிவும் என் வேலை இல்லை. ரெண்டாவது பாதியை எழுத அவனுக்கு மனசே வரலை, "வாங்குறவங்க ஓடிடுவாங்க"ன்னான். யாரும் ஓடலை.

இதெல்லாம் எழுதியும் இடம் பத்தலைன்னா, கேள்விகளை டிஸ்க்ரிப்ஷன்ல போடாதீங்க. ஆர்டர் வந்ததும் வாங்குறவங்க நிரப்புற ரிக்வயர்மென்ட்ஸ் பகுதியில போடுங்க. கடைப் பேரோட சரியான ஸ்பெல்லிங், எங்கெல்லாம் லோகோ வரும், முடிவு எடுக்கிறது யார். அந்தக் கடைசிக் கேள்வி ஆறாவது ரவுண்டுல வந்த கணவருக்காக. அதை அவங்க நிரப்பின பிறகுதான் டெலிவரி கடிகாரம் ஓட ஆரம்பிக்கும், அதனால உங்களுக்கும் நல்லது.

எது வேலை செய்யலைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கிக் பக்கத்துல இம்ப்ரெஷன், கிளிக், ஆர்டர்னு மூணு எண் காட்டும். இம்ப்ரெஷனே இல்லைன்னா டைட்டிலையும் டேகையும் பாருங்க. இம்ப்ரெஷன் இருந்து கிளிக் இல்லைன்னா தம்ப்நெயில், இல்லன்னா விலை. கிளிக் பண்ணிட்டு வாங்காமப் போறாங்கன்னா டிஸ்க்ரிப்ஷன் பக்கம் திரும்புங்க. ஆனா பத்து இருபது கிளிக்கை வச்சு முடிவு பண்ணாதீங்க. நண்பன் ரெண்டு நாளுக்கு ஒரு தடவை மாத்திக்கிட்டே இருந்தான், எதனால எது நடந்ததுன்னே தெரியலை. அதைவிட நல்ல அறிகுறி இன்பாக்ஸ்தான். ஒரே கேள்வியை மூணு பேர் கேட்டா, அதுக்கான பதில் டிஸ்க்ரிப்ஷன்ல இல்லைன்னு அர்த்தம். அவனுக்கு அப்படி வந்தது, "ரெண்டு மொழியில பேர் எழுதித் தருவீங்களா?" இப்போ அது ஒரு தனி வரியா இருக்கு, கூடுதல் விலையோட.

அவனோட புது கிக்ல முதல் ஆர்டர் வர மூணு வாரம் ஆச்சு. 35 டாலர் பேக்கேஜ், கையில 28. திருத்தம் ஒரே ரவுண்டு, ஒரே மெசேஜ்ல, எண் போட்டு வந்தது.

உங்க டைட்டிலையும் டிஸ்க்ரிப்ஷனையும் மெயில்ல அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல ரெண்டு மூணை எடுத்து வரி வரியாப் பார்க்கலாம். பேர் சொல்லமாட்டேன். வரேன் மக்களே.