விரிக்காமலே கெழுக்களைக் கூட்டுதல்



(1 + x + x²)⁵ என்பதை விரித்தால் பதினோர் உறுப்புகள் வரும். அவற்றின் கெழுக்களின் கூட்டுத்தொகை காண, விரிக்க வேண்டுவதில்லை. x-க்கு 1 இடுங்கள். 1-இன் எந்த அடுக்கும் 1 ஆதலால் கெழுக்கள் மட்டுமே எஞ்சும். தொகை 3⁵ = 243.

இனி −1 இடுங்கள். இரட்டை அடுக்குகளின் கெழுக்கள் அப்படியே நிற்கும். ஒற்றை அடுக்குகளுடையவை குறி மாறும். கிடைப்பது (1 − 1 + 1)⁵ = 1. இரு விடைகளையும் கூட்டினால் ஒற்றை அடுக்குகள் நீங்கும். பாதியாக்கினால் இரட்டை அடுக்குகளின் தொகை 122. கழித்துப் பாதியாக்கினால் ஒற்றை அடுக்குகளின் தொகை 121.

விரித்தும் சரிபார்க்கலாம். கெழுக்கள் 1, 5, 15, 30, 45, 51, 45, 30, 15, 5, 1 ஆகும்.

தேர்வில் பலர் இடறுவது ஓரிடத்தில்தான். முதலிடத்து மாறிலியின் அடுக்கு 0, அது இரட்டை. ஆகவே 2ஆம், 4ஆம் இடங்களில் நிற்பவை ஒற்றை அடுக்குகளே. ‘இரட்டை இடத்துக் கெழுக்கள்’ எனக் கேட்டால் விடை 121. ‘இரட்டை அடுக்குகளின் கெழுக்கள்’ எனக் கேட்டால் 122. வினா இடத்தைக் கேட்கிறதா, அடுக்கைக் கேட்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

கெழுக்கள் யாவும் முழு எண்களாயிருக்க, பாதியாக்கும்போது பின்னம் வந்தால், 1 அல்லது −1 இட்டதில் பிழை உண்டு என்று அறிக.