அபத்தமும் அடிபணியாமையும்: காம்யுவை வாசித்தல்

(வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஆல்பெர் காம்யு என்ற பெயரைக் கேட்டவுடன் 'வாழ்க்கைக்குப் பொருளே இல்லை என்று சொன்ன அவநம்பிக்கைவாதி' என ஒதுக்கிவிடும் வழக்கம் முற்போக்கு வட்டாரங்களில் உண்டு. அவரோடு முரண்படுவதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. அவை பின்னர் வரும். ஆனால் அவர் சொல்லாததைச் சொன்னதாக வைத்துக்கொண்டு முரண்படுவதில் பயனில்லை.

1942இல் வெளிவந்த 'சிசிபஸ் புராணம்' என்ற கட்டுரை நூலில் அபத்தம் என்பதற்கு அவர் தரும் பொருள் மிகத் துல்லியமானது. உலகம் அபத்தமானது என்று அவர் கூறவில்லை. மனிதன் அபத்தமானவன் என்றும் கூறவில்லை. ஆளில்லாத வீடு ஒன்று இருக்கிறது. அதில் அபத்தம் ஏதுமில்லை. ஒருவன் கதவைத் தட்டிப் பதிலுக்குக் காத்திருக்கிறான், அதிலும் அபத்தமில்லை. ஆளில்லாத அந்த வீட்டின் கதவை இவன் தட்டிக்கொண்டே நிற்கும்போதுதான் அபத்தம் பிறக்கிறது. இந்த வாழ்வு எதற்காக, இந்தத் துன்பம் எதற்காக என்று மனிதன் கேட்கிறான். பிரபஞ்சம் வாய் திறப்பதில்லை. கேள்விக்கும் மௌனத்துக்கும் இடையிலுள்ள மோதலே அபத்தம். இரண்டில் ஒன்று இல்லையென்றால் அதுவும் இல்லை.

இந்த வரையறையிலிருந்து ஒரு முக்கியமான முடிவு பிறக்கிறது. மோதலிலிருந்து தப்புவதற்கு இரண்டு குறுக்கு வழிகள் உள்ளன. தற்கொலை கேள்வி கேட்பவனையே அழித்துவிடுகிறது. மற்றது நம்பிக்கைப் பாய்ச்சல்: மௌனத்துக்குப் பின்னால் பதில் ஒன்று ஒளிந்திருக்கிறது, அறிவுக்கு எட்டாவிட்டாலும் அதை நம்பு என்பது. கீர்க்ககோர் போன்ற சிந்தனையாளர்கள் அபத்தத்தின் விளிம்பு வரை நேர்மையாக வந்துவிட்டு, கடைசி அடியில் கடவுளிடம் தாவிவிட்டார்கள் என்பது காம்யுவின் குற்றச்சாட்டு. இதைத் தத்துவத் தற்கொலை என்றே அவர் அழைத்தார். எஞ்சுவது மூன்றாவது வழி. கேள்வியையும் கைவிடாமல், பொய்யான பதிலையும் ஏற்காமல், மேல்முறையீட்டுக்கு எந்த மன்றமும் இல்லை என்று தெரிந்தே வாழ்வது. இதைத்தான் அவர் கலகம் என்கிறார்.

கிரேக்கத் தொன்மத்தில் சிசிபஸ் கடவுளரால் தண்டிக்கப்பட்டவன். பாறையை மலையுச்சிக்கு உருட்டிச் செல்ல வேண்டும். அது மீண்டும் உருண்டு அடிவாரத்துக்கு வந்துவிடும். காம்யுவின் கவனம் அவன் பாறையை ஏற்றும்போது அவன்மீது விழுவதில்லை. வெறுங்கையோடு இறங்கி வரும்போதுதான் விழுகிறது. அப்போது அவனுக்குத் தன் நிலைமை முழுமையாகத் தெரிகிறது. தெரிந்தும் இறங்குகிறான். தண்டனை கொடுத்தவர்கள் எதிர்பார்த்தது அவன் மனம் உடைவதை; அது மட்டும் அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

இங்கே நாள்தோறும் ஒரே வேலையைச் செய்யும் தொழிலாளியையும் காம்யு சிசிபஸோடு ஒப்பிடுகிறார். இந்த ஒப்பீடு இடறுகிறது. கடவுளரின் பாறைக்கு உடைமையாளர் இல்லை. தொழிலாளியின் பாறைக்கு உண்டு. ஒன்றை ஏற்றுக்கொண்டு வாழலாம். மற்றதை மாற்ற முடியும், மாற்றவும் வேண்டும்.

தனிமனிதனின் இந்த எதிர்ப்பு பிறரோடு எவ்வாறு சேர்கிறது என்பதற்கு 1947இல் வெளிவந்த 'கொள்ளைநோய்' நாவலே விடை தருகிறது. அல்ஜீரியாவின் ஓரான் நகரத்தில் எலிகள் செத்து விழுகின்றன; பின்னர் மனிதர்கள். நகரவாயில்கள் மூடப்படுகின்றன. மருத்துவர் ரியூவிடம் மருந்து போதுமானதாக இல்லை. அவருடைய பணி நாளடைவில் குணப்படுத்துவதாக இல்லாமல், நோயைக் கண்டறிந்து, பதிவு செய்து, நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து அனுப்புவதாகச் சுருங்கிவிடுகிறது. பாதிரியார் பானெலூ முதல் பிரசங்கத்தில் இது பாவிகளுக்கு வந்த தண்டனை என்கிறார். மௌனமான வானத்துக்கு அவர் ஒரு குரலைப் பொருத்திவிடுகிறார்.

நாவலின் மையம் நீதிபதி ஒதோனின் சிறு மகனுடைய மரணம். முதிய மருத்துவர் காஸ்தெல் உள்ளூரிலேயே தயாரித்த புதிய சீரம் முதன்முதலாக அந்தச் சிறுவனுக்குச் செலுத்தப்படுகிறது. அது அவனைக் காப்பாற்றவில்லை. சாவை எதிர்த்து அவன் உடல் போராடும் நேரத்தை மட்டும் நீட்டுகிறது. ரியூ, பானெலூ, நண்பர் தாரூ எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்று இறுதிவரை பார்க்கிறார்கள். குழந்தை இறந்ததும், இவனாவது குற்றமற்றவன் என்று ரியூ பாதிரியாரிடம் வெடிக்கிறார். நமக்குப் புரியாததையும் நாம் நேசிக்க வேண்டும்போலும் என்கிறார் பானெலூ. குழந்தைகள் வதைபடும் இந்தப் படைப்பைச் சாகும்வரை நேசிக்க முடியாது என்பது ரியூவின் பதில். ஆயினும் அவர் பாதிரியாரைப் பகைத்துக்கொள்வதில்லை. இருவரும் ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கிறோம், இப்போது அதுதான் முக்கியம் என்கிறார். அதன் பிறகு பானெலூவின் பிரசங்கத்தில் 'நீங்கள்' என்ற சொல் 'நாம்' என்று மாறிவிடுகிறது.

இன்னொரு உரையாடலில் தாரூ ரியூவிடம், உங்கள் வெற்றிகளெல்லாம் தற்காலிகமானவைதானே என்று கேட்கிறார். ஆம், ஆனால் போராட்டத்தை நிறுத்த அது காரணமாகாது என்கிறார் மருத்துவர். இதையெல்லாம் யாரிடம் கற்றீர்கள் என்பது அடுத்த கேள்வி. வறுமையிடம் என்று ஒரு நொடியும் தயங்காமல் பதில் வருகிறது. தந்தையை முதல் உலகப்போரில் இழந்து, வீட்டுவேலை செய்த தாயால் அல்ஜியர்ஸின் தொழிலாளர் குடியிருப்பில் வளர்க்கப்பட்டு, பதினேழு வயதில் காசநோய்க்கு ஆளானவர் எழுதிய பதில் அது.

நாவலில் கதாநாயகன் ஒருவன் இருந்தே ஆகவேண்டுமென்றால், கிராண்ட் என்ற நகராட்சி எழுத்தரை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார் கதைசொல்லி. பகலில் அலுவலகம், மாலையில் தொண்டர் குழுவுக்காக இறப்புக் கணக்கெடுப்பு, இரவில் எழுதப்போகும் புத்தகத்தின் முதல் வாக்கியத்தை மட்டும் மீண்டும் மீண்டும் திருத்துதல். சிசிபஸைவிட இவரை நம்புவது எளிது.

இந்த வழியிலேயே 1951இல் காம்யு 'புரட்சியாளன்' நூலுக்கு வந்தார். மௌனத்தை எதிர்கொள்ள என் உயிர் தேவை என்றால், அதே காரணத்தால் பிறருடைய உயிரும் தேவை. எனவே தற்கொலையை மறுப்பவன் கொலையையும் மறுக்க வேண்டும் என்பது அதன் வாதம். அந்நூலில் அவர் வரலாற்றுப் புரட்சிகளை நோக்கி வைத்த குற்றச்சாட்டுகள் 1952இல் சார்த்தருடனான முறிவில் போய் முடிந்தன. அந்த விவாதம் தனி உரைக்குரியது.

இன்றைய பொருளுக்கு நெருக்கமான விமர்சனம் ரோலான் பார்த் 1955இல் எழுப்பியது. 'கொள்ளைநோய்' நாஜி ஆக்கிரமிப்பின் உருவகம் என்றே வாசிக்கப்பட்டது. ஆனால் கிருமிக்கு முகமில்லை, ஒடுக்குபவனுக்கு உண்டு. மனிதர்களே மனிதர்களை ஒடுக்கும்போது ரியூவின் அறம் என்ன செய்யும் என்பதே கேள்வி. எதிர்ப்பியக்கத்தார் அனைவரும் அந்த நாவலில் தங்களைக் கண்டார்களே என்று காம்யு பதிலளித்தார். அது பாதிப் பதில்தான்.

ஏனெனில் பிரபஞ்சத்தின் மௌனம் வேறு, ஆட்சியாளரின் மௌனம் வேறு என்பது காம்யுவுக்குத் தெரியாததன்று. 1935இல் அல்ஜீரியாவில் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து 1937இல் வெளியேற்றப்பட்ட அவர், 1939இல் 'அல்ஜே ரெபுப்ளிக்கேன்' நாளிதழுக்காகக் கபிலியா மலைப்பகுதிக்குச் சென்றார். குப்பைத் தொட்டியின் உணவுக்காகக் குழந்தைகள் நாய்களோடு போட்டியிடுவதைக் கண்டு எழுதினார். அந்தத் தொடர் கட்டுரைகளில் அபத்தம் பற்றி எதுவும் இல்லை. கூலி எவ்வளவு, தானியம் எவ்வளவு, பள்ளிகள் எத்தனை, யார் பொறுப்பு என்பவை மட்டுமே இருந்தன. காரணம் தெரிந்த பசிக்கு வானத்திடம் கேள்வி கேட்க அவர் முனையவில்லை.

'கொள்ளைநோய்' நாவலின் தொடக்கத்திலும் அந்தச் செய்தியாளனின் நிழல் இருக்கிறது. ராம்பேர் என்ற பாரிஸ் பத்திரிகையாளன் ஓரானுக்கு வருவதே அரபு மக்களின் வாழ்நிலையைப் பற்றி எழுதத்தான். ரியூவிடம் தகவல் கேட்கிறான். முழு உண்மையையும் எழுத உங்களுக்கு அனுமதி உண்டா என்கிறார் ரியூ. முழுவதுமாக இல்லை என்கிறான் அவன். அப்படியென்றால் தகவல் தர இயலாது என்று மருத்துவர் மறுத்துவிடுகிறார். பிறகு எலிகள் சாகின்றன, வாயில்கள் மூடப்படுகின்றன, தப்பிச் செல்லத் துடித்த ராம்பேர் தானே முடிவெடுத்து நகரில் தங்கி நோயாளிகளுக்கு உதவுகிறான். அரபு மக்களைப் பற்றிய அந்தக் கட்டுரை மட்டும் நாவலின் கடைசிப் பக்கம் வரை எழுதப்படுவதேயில்லை.