கடைசி வரி எப்போது வரியாகிறது?

இந்த மாநாடு ஒரு மழைப் பதிவிலிருந்து தொடங்கட்டும்.

மழைமானி ஒன்று வரிக்கு ஒரு பதிவாகத் தரவை அனுப்புகிறது. ஒரு வரி `மதுரை,125` என்று வர வேண்டும். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுகிறது. பெறும் பக்கத்தில் நிற்பது `மதுரை,12` மட்டுமே. படிக்கும் நிரலுக்கு இதில் எந்தக் குறையும் தெரியாது. ஊர்ப் பெயர் இருக்கிறது, எண் இருக்கிறது, காற்புள்ளியும் சரியான இடத்தில் இருக்கிறது. 125 மில்லிமீட்டர் மழை 12 ஆகச் சுருங்கி அட்டவணையில் ஏறிவிடும்; பிழைச் செய்தி ஒன்றுகூட வராது.

குறை எங்கே என்றால், வரியின் முடிவுக்குறி வந்து சேரவில்லை. போசிக்ஸ் தரநிலைப்படி வரி என்பது எழுத்துகளோடு இறுதியில் வரும் வரிமுடிவுக் குறியையும் சேர்த்ததுதான். அதனால்தான் அந்தக் குறி இல்லாமல் முடியும் மூன்று வரிக் கோப்புக்கு `wc -l` இரண்டு என்று விடை சொல்கிறது.

இப்படி வரிக்கு ஒரு பதிவாக ஓடையில் வரும் தரவில் இந்தக் குறி ஒன்றுதான் நம்பத்தக்க எல்லை. டிசிபி பைட்டுகளை வரிசை மாறாமல் சேர்க்கும். ஆனால் ஒரு பதிவு எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியாது. ஒருமுறை படித்தால் இரண்டரைப் பதிவு வரலாம், அடுத்த முறை மிச்ச அரைப் பதிவு வரலாம். ஆகவே வந்ததை ஒரு பஃபரில் சேர்த்து, குறி உள்ள இடம் வரை வெட்டி, மிச்சத்தை அடுத்த துண்டுக்காக வைத்திருக்க வேண்டும். பைத்தானில் அது இவ்வளவுதான்:

```python
buf = b""
for chunk in stream:
    buf += chunk
    *lines, buf = buf.split(b"\n")
    for line in lines:
        handle(line)
if buf:
    handle_tail(buf)
```

இங்கே வெட்டப்படுவது பைட்டுகள், எழுத்துகள் அல்ல. தமிழில் எழுதுவோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். யுடிஎஃப்-8 முறையில் ‘ம’ என்ற எழுத்து `E0 AE AE` என மூன்று பைட். துண்டு இரண்டாவது பைட்டோடு முடிந்தால், வந்த துண்டை உடனே எழுத்தாக மாற்றும் நிரல் அங்கேயே தடுக்கி விழும், அல்லது கேள்விக்குறிக் கட்டத்தை அச்சிடும். வரிமுடிவின் `0A` பைட் எந்தத் தமிழ் எழுத்தின் உள்ளேயும் வராது. எனவே முதலில் வரியாக வெட்டி, பிறகு எழுத்தாக மாற்றினால் பிழைக்கே இடமில்லை. ஆங்கிலத் தரவில் மட்டும் சோதித்த நிரலில் இந்தக் குறை வெளியே தெரியாமலே கிடக்கும்.

இனி `handle_tail` என்ற அந்தக் கடைசி அழைப்பு. கருத்து வேறுபாடு தொடங்குவது அங்கேதான். பாஷில் வரி வரியாகப் படிக்கும் சுழல், குறியில்லாத கடைசி வரியை விட்டுவிடும். அதைத் தவிர்க்கப் பலரும் `|| [ -n "$line" ]` என்று சேர்க்கிறார்கள். கையால் எழுதிய கோப்புக்கு அது சரியான மருந்து. அறுந்த இணைப்பிலோ, 12 மில்லிமீட்டரையும் அது முழுப் பதிவாக உள்ளே விடுகிறது. உலாவிகளுக்கான சர்வர் நிகழ்வு ஓடையின் விதி இதற்கு நேர் எதிர்: முடிவுக்கான வெற்று வரி வருமுன் ஓடை நின்றால், அந்த நிகழ்வு கைவிடப்படும்.

வரிக்கு ஒரு ஜேசன் பொருள் என அனுப்பினால் நிலைமை மேம்படும். `{"ஊர்":"மதுரை","மழை":12` என்பதில் மூடும் அடைப்பு இல்லை. படிப்பான் உடனே மறுத்துவிடும். ஆனால் வரியில் வெறும் எண் மட்டும் இருந்தால் இந்தப் பாதுகாப்பும் போய்விடும். 2015-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 7464 இதை நேரடியாகவே எடுத்துக்கொள்கிறது: எண்ணோ `true`, `false`, `null` போன்ற சொல்லோ தனியாக வந்தால், அதன் பின்னே ஒரு வெற்றிடக் குறியாவது இருந்தால்தான் அது முழுமை.

ஆகவே மிச்சத்தின் கதியை அதன் தோற்றம் மட்டும் முடிவு செய்யக் கூடாது. ஓடை எப்படி நின்றது என்பதையும் பார்க்க வேண்டும். துண்டு துண்டாக வரும் எச்டிடிபி பதிலில் இறுதியாகச் சுழிய நீளத் துண்டு வந்திருந்தால், அனுப்பியவர் தாமே முடித்தார் என்று பொருள். அப்போது மிச்சம் முழுப் பதிவாக இருக்க வாய்ப்புண்டு. அது வரவில்லையென்றால் மிச்சத்தைக் கணக்கில் சேர்க்காமல் தனியே எடுத்துவைத்து, கடைசியாகக் கண்ட வரிமுடிவின் இடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து மீண்டும் கேட்பதே நேர்மையான வழி.

எழுதும் பக்கத்துக்கும் இதே கடமை உண்டு. 10,240 பைட் கோப்பில் கடைசி வரிமுடிவு 10,203-ஆம் பைட்டில் இருந்தால், மீதி 37 பைட் அரைப் பதிவு. மின்தடைக்குப் பின் எழும் நிரல் அதை அப்படியே விட்டு எழுதத் தொடங்கினால், அரைப் பதிவும் அடுத்த நல்ல பதிவும் ஒரே வரியாக ஒட்டி இரண்டும் கெடும். கோப்பை 10,203 பைட்டுக்கு வெட்டிவிட்டுத் தொடர்ந்தால் இழப்பு அந்த அரைப் பதிவோடு நிற்கும். வெட்டிய 37 பைட்டை எங்கே வைப்பது, யாரிடம் தெரிவிப்பது என்பதை முதல் அமர்வு விவாதிக்கட்டும்.