யார் எதை டவுன்லோட் பண்ணாங்க? லாக் சொல்றதும், சொல்லாததும்

நோணாங்குப்பத்துல இருந்து பேசுறேன். நம்ம புதுச்சேரி பக்கம் பத்துப் பதினைஞ்சு பேர் வேலை பார்க்கிற ஆபீஸ்கள்லகூட இப்போ எல்லா ஃபைலும் ஒரு ஷேர்டு டிரைவ்லதான் இருக்கு. அங்க அட்மின் பொறுப்பு யாரோ ஒருத்தர் தலையில விழுந்திருக்கும். இந்த எபிசோட் அவங்களுக்கு.

நேரா ஒரு கேஸுக்குப் போவோம். எபிக் சிஸ்டம்ஸ், அமெரிக்காவுல விஸ்கான்சின்ல இருக்கிற மருத்துவமனை சாஃப்ட்வேர் கம்பெனி. வாடிக்கையாளர்களுக்கான ஆவணங்களை யூசர்வெப்னு ஒரு போர்ட்டல்ல வச்சிருந்தாங்க. அவங்க வாடிக்கையாளரான கைசர் பெர்மனென்டேவுக்கு நம்ம ஊர் டிசிஎஸ் வேலை செஞ்சுது. டிசிஎஸ்ஸுக்கு அந்த போர்ட்டல்ல அனுமதி கேட்டப்போ எபிக் மறுத்துடுச்சு. ஆனா டிசிஎஸ் ஊழியர் ஒருத்தர்கிட்ட, கைசர் ஊழியர்னு பதிவாகியிருந்த ஒரு கணக்கு ஏற்கெனவே இருந்தது. 2012ல இருந்து 2014 வரைக்கும் அது வழியா 6,000க்கு மேற்பட்ட டவுன்லோட். தனித்தனி ஃபைல்னு எண்ணினா 1,600க்கு மேல.

இதெல்லாம் லாக்ல பதிவாகியே இருந்தது. ஆனா விஷயம் வெளிய வந்தது லாக்கால இல்ல. 2014ல டிசிஎஸ் உள்ளே இருந்தே ஒருத்தர் தகவல் கொடுத்தார். அதுக்கப்புறம்தான் எபிக் லாக்கைத் தோண்டுச்சு, அந்த வருஷம் அக்டோபர்ல வழக்கு போட்டுது. 2016ல ஜூரி 94 கோடி டாலர் கொடுக்கச் சொல்லுச்சு. மேல்முறையீட்டுல அது 28 கோடியா குறைஞ்சுது.

இதுல அட்மினுக்கு இரண்டு விஷயம் இருக்கு.

முதல் விஷயம்: லாக் காட்டுறது கணக்கை, ஆளை இல்ல. அந்த பாஸ்வேர்டு இன்னொருத்தர் கைக்கும் போயிருந்தது. அமெரிக்காவுல போர்ட்லாண்டுல இருந்தும் இந்தியாவுல இருந்தும் ஒரே கணக்குல ஆள் உள்ள வந்தா, அது ஐபி முகவரியில தெரியும். ஒரு ஃபைல் சராசரியா கிட்டத்தட்ட நாலு தடவை இறங்கியிருக்கு. ஒருத்தர் தன் வேலைக்கு எடுக்கிற ஃபைலை இத்தனை தடவை ஏன் இறக்கணும்னு கேட்க வேண்டிய இடம் இது.

உங்க ஆபீஸ்ல கூகுள் வொர்க்ஸ்பேஸ்னா, admin.google.com உள்ள போய் `Reporting` > `Audit and investigation` > `Drive log events` திறங்க. எல்லா பிளான்லயும் இந்த லாக் வராது, முதல்ல அதைப் பாருங்க. `Event` இடத்துல `Download` போட்டு, தேதி கொடுத்துத் தேடுங்க. வர்ற பட்டியலை ஷீட்டா எக்ஸ்போர்ட் பண்ணி, `Actor` வாரியா எண்ணுங்க. மாசத்துக்கு 20 ஃபைல் எடுக்கிறவர் ஒரே ராத்திரியில 400 எடுத்திருந்தா அந்த வரிசை தனியா நிக்கும். பக்கத்துல `IP address` பாருங்க. உடனே பழி போடாதீங்க. ஒரு ஃபோல்டரை முழுசா இறக்கினாலும் எண்ணிக்கை எகிறும். முதல்ல அவரைக் கூப்பிட்டுக் கேளுங்க.

லாக் சொல்லாததும் உண்டு. திரையில திறந்து மொபைல்ல போட்டோ எடுத்தா அது டவுன்லோடா பதிவாகாது. 'லிங்க் வச்சிருக்கிற யாரும் பார்க்கலாம்'னு விட்ட ஃபைலை லாகின் பண்ணாத ஒருத்தர் எடுத்தா, பேரே வராது. லேப்டாப்போட சிங்க் ஆகுறது டவுன்லோட்ல சேராம வேற நிகழ்வா வரும், அதையும் தனியா தேடணும். இந்த லாக் ஆறு மாசம்தான் இருக்கும். 2022 ஏப்ரல்ல செர்ட்-இன் போட்ட உத்தரவும் லாக்கை 180 நாள் வைக்கச் சொல்லுது. அதனால மாசாமாசம் எக்ஸ்போர்ட் பண்ணி, டிரைவுக்கு வெளிய ஒரு இடத்துல வச்சுடுங்க. வேலையை விட்டுப் போனவர் மேல சந்தேகம் ஏழாவது மாசம்தான் வரும்.

இரண்டாவது விஷயம், அனுமதி சரிபார்ப்பு. எபிக் கதையில ஓட்டை இங்கதான். கணக்குல இருந்த அடையாளம் ஒண்ணு, ஆள் வேறொண்ணு. அது ரெண்டு வருஷம் அப்படியே ஓடுச்சு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஷேர்டு டிரைவ்ல `Manage members` பட்டியலை எடுங்க. ஒவ்வொரு பேருக்கும் மூணு கேள்வி: இன்னும் இங்க வேலை செய்றாரா, எந்தக் கம்பெனி ஆள், இந்த அளவு அனுமதி அவர் வேலைக்கு வேணுமா. பதிலை நீங்களே எழுதாதீங்க. அந்த டீம் லீட்கிட்ட கேட்டு எழுதுங்க, ஏன்னா ஒப்பந்த ஆள் எப்போ போனார்னு அவருக்குத்தான் தெரியும். பார்த்தா போதும்ங்கிறவருக்கு `Viewer` கொடுத்துட்டு, பார்க்கிறவங்க டவுன்லோட் பண்ற வசதியையும் டிரைவ் செட்டிங்ல நிறுத்திடுங்க.

`accounts@` மாதிரி நாலு பேர் சேர்ந்து பயன்படுத்துற பொதுக் கணக்கு இருந்தா, அதை முதல்ல மூடுங்க. அது இருக்கிற வரைக்கும் லாக்ல எந்தப் பேரைப் பார்த்தாலும் நீங்க கேட்கிற கேள்விக்குப் பதில் 'நான் இல்ல'ன்னுதான் வரும்.