அப்பாவோட கேசட், நாலு கார்டு

(இந்த எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பச் சொல்லல்களை மட்டும் எடுத்திருக்கிறோம்.)

போன வாரம் பீளமேட்டுல இருந்து ஒரு தம்பி வந்தாப்ல. தோள்ல புது கித்தார், கையில ஒரு கேசட். கித்தார் வாங்கி மூணு மாசம் ஆச்சு, G, C, D, Em இந்த நாலு கார்டு மட்டும் பிடிக்க வருது. கேசட் அவரோட அப்பாவோடது. அப்பா தொண்ணூறுகள்ல ஒரு மெல்லிசைக் குழுவுல பாடினவர். பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம்னு நோம்பிக்கு நோம்பி மேடை ஏறினவங்க. அப்பா இப்ப இல்ல. அவரே மெட்டுப் போட்டுப் பாடின ஒரு பாட்டு அந்தக் கேசட்டுல இருக்கு. வேற எங்கயும் இல்ல. அப்பாவோட வருஷ திதிக்கு முன்னாடி அந்தப் பாட்டை வாசிக்கணும்னு தம்பிக்கு ஆசை.

நம்ம ஊர்ல கித்தார் வாங்குற எல்லாரும் முதல்ல "இளைய நிலா"வைத்தான் தொடுவாங்க. 1982ல வந்த "பயணங்கள் முடிவதில்லை", தயாரிச்சது நம்ம கோவைத்தம்பி. அதுக்கு இணையத்துல ஆயிரம் சார்ட் கிடைக்கும், பாதி ஒண்ணுக்கொண்ணு ஒத்துவராது, அது வேற கதை. இந்தத் தம்பியோட பாட்டுக்கு ஒரு சார்ட்டும் கிடையாது. ரெக்கார்டிங்ல இருந்து நாமதான் எடுக்கணும்.

கேசட்டை கம்ப்யூட்டருக்கு மாத்தி, Sonic Visualiser-ல திறந்தோம். இலவச மென்பொருள். அதுல NNLS Chroma-னு ஒரு பிளக்இன் போட்டா, Transform மெனுவுல "Chordino: Chord Estimate" வரும். அழுத்தினா பாட்டு மேலயே கார்டு பேரு வரிசையா வந்து உட்காரும். இது எப்படிக் கண்டுபிடிக்குதுன்னு ஒரு நிமிஷம் சொல்லிடறேன், பின்னாடி தேவைப்படும்.

பன்னிரண்டு ஸ்வரஸ்தானத்துக்குப் பன்னிரண்டு பெட்டி இருக்குன்னு வெச்சுக்கோங்க. பாட்டுல ஒரு கணத்துல கேக்குற ஒவ்வொரு ஒலியையும் மந்திர ஸ்தாயியா தார ஸ்தாயியான்னு பார்க்காம அதுக்கான பெட்டியில போடணும். கீழ் ஸாவும் மேல் ஸாவும் ஒரே பெட்டி. எந்த மூணு பெட்டி நிரம்பியிருக்கோ, அது எந்த கார்டோட மூணு ஸ்வரத்துக்கு ஒத்துப்போகுதுன்னு பார்த்தா பதில் கிடைச்சுடும். தகாவோ... இல்ல, டகுயா ஃபுஜிஷிமான்னு ஒருத்தர் 1999ல இந்த வழியை எழுதினார். அதுக்கப்புறம் வந்த கருவிகள்ல நிறைய இதே பெட்டிக் கணக்குல இருந்து வளர்ந்ததுதான்.

தம்பி பாட்டுக்கு வந்த பதில்: Ab, Fm, Db, Eb. தம்பி முகம் சுருங்கிடுச்சு. "அண்ணா, இதுல ஒண்ணுகூட எனக்குப் பிடிக்க வராதுங்களே."

எனக்கும் அது இடிச்சுது, ஆனா வேற காரணத்துக்காக. நாலுமே ஆள்காட்டி விரலை ஆறு கம்பி மேலயும் படுக்கப் போட்டு அழுத்துற மாதிரியான கார்டு. கேசட்டுல கித்தார்க்காரர் வாசிக்கிறது அப்படிக் கேக்கலை. கார்டு மாறுன பிறகும் கம்பி கணகணன்னு ஒலிச்சுட்டே இருக்கு. விரல் வைக்காத கம்பிதான் அப்படி ஒலிக்கும். கருவி சொல்ற கார்டை ஒரு கித்தார்க்காரர் அந்தச் சத்தத்தோட வாசிக்க முடியுமான்னு கேட்டுப் பாருங்க. முடியாதுன்னா எங்கயோ தப்பு இருக்கு.

நல்ல காலம், பாட்டு ஆரம்பிக்கும் முன்னாடி அந்தக் கித்தார்க்காரர் ஆறு கம்பியையும் ஒவ்வொண்ணா தட்டி ஸ்ருதி பார்க்கிறார். அதுவும் பதிவாயிருக்கு. அந்த இடத்தை மட்டும் ஓடவிட்டு, போன்ல ட்யூனர் ஆப்பைப் பிடிச்சோம். தடிமனான கம்பி E-யா இருக்கணும், 82.4 ஹெர்ட்ஸ். ஆப் காட்டினது 85.3. அதாவது E-யும் இல்ல, அடுத்து வர்ற F-ம் இல்ல. F-க்கு 40 சென்ட் கீழ. ரெண்டு பக்கத்து ஸ்வரத்துக்கு நடுவுல இருக்கிற தூரம் 100 சென்ட், அந்தக் கணக்குல E-க்கு மேல 60. மத்த அஞ்சு கம்பியும் அதே மாதிரி, அதனதன் இடத்துல இருந்து அதே 60 சென்ட் மேல.

இதுதான் துப்பு. காதால ஸ்ருதி சேர்த்திருந்தா ஒரு கம்பி கூடும், ஒரு கம்பி குறையும். ஆறும் ஒரே அளவு ஏறியிருந்தா டேப் வேகமா ஓடுதுன்னு சந்தேகப்படணும். மொத்தக் கித்தாரையும் வேணும்னே ஏத்திக் கட்டியிருக்கவும் வாய்ப்பு இருக்கு, இல்லன்னு சொல்லமாட்டேன். அதைத் தீர்த்து வெச்சது தம்பியோட அம்மா. வாட்ஸப்ல ஒரு துண்டு அனுப்பினோம், உடனே போன் வந்துச்சு. "இது அவரு கொரலே இல்லீங் தம்பி. அவருக்குக் கட்டைக் கொரலுங். இது யாரோ சின்னப் பையன் பாடுற மாதிரில்ல இருக்குது."

மேடையில பேட்டரி போட்ட டேப் ரெக்கார்டர்ல பதிஞ்சிருக்காங்க. பேட்டரி கட்டை தீரப்போற நேரத்துல மோட்டார் மெதுவா சுத்தும். மெதுவாப் பதிஞ்ச டேப்பை இப்ப சரியான வேகத்துல ஓட்டினா, எல்லாம் வேகமாவும் உச்சத்துலயும் கேக்கும். கம்பியும் ஏறும், குரலும் மெலியும். அப்பா குரல்னு தம்பி இத்தனை வருஷம் கேட்டுட்டு இருந்தது அப்பா குரல் கிடையாது.

Audacity-ல "Change Speed and Pitch" இருக்கு, அதுல வேகத்தை 3.4 சதவீதம் குறைச்சோம். "Change Pitch"-ஐத் தொடாதீங்க, அது ஸ்ருதியை மட்டும் இறக்கும், தாளம் வேகமாவே நிக்கும். இங்க ரெண்டும் சேர்ந்து ஏறியிருக்கு, ரெண்டும் சேர்ந்துதான் இறங்கணும். இறக்கினதும் தடிக் கம்பி E-ல வந்து நின்னுச்சு. பாட்டை ஓடவிட்டேன். தம்பி ஒரு ரெண்டு நிமிஷம் எதுவும் பேசலை. நானும் பேசலை.

மறுபடி Chordino. இப்ப Ab போய் G, Db போய் C, Eb போய் D. சரியா அரை ஸ்வரம் இறங்கிடுச்சு. கருவி முதல்ல பொய் சொல்லலை, பாருங்க. அது மொத்தப் பாட்டோட ஸ்ருதியையும் அளந்துட்டு, பக்கத்துல எந்தப் பெட்டி இருக்கோ அதுல தள்ளும். 60 சென்ட் ஏறியிருந்ததால மேல இருக்கிற பெட்டிக்குப் போயிடுச்சு. 40 ஏறியிருந்தா G-ன்னே சொல்லியிருக்கும், டேப் தப்பா ஓடுறதே நமக்குத் தெரியாமப் போயிருக்கும். தம்பி மட்டும் கேசட்டோட சேர்ந்து வாசிக்கிறப்ப "ஏன் ஒட்டலை"ன்னு முழிச்சிருப்பார்.

அடுத்து குப்பை கூட்டுற வேலை. தபலா அடி விழுற இடத்துல எல்லாம் அரை நொடிக்கு ஏதோ ஒரு கார்டு முளைச்சிருந்தது. கை தட்டல்ல "N", அதாவது கார்டு இல்லைன்னு. அவசரப்பட்டு அதையெல்லாம் எழுதக்கூடாது. நாலு எண்ணிக்கை எண்ணிக்கிட்டே கேளுங்க. ஒரு எண்ணிக்கைகூட நிக்காத கார்டு கார்டே இல்ல, பாடுறவரோட கமகமோ தபலாவோதான். தள்ளிடுங்க.

ஒரு இடம் மட்டும் அப்படித் தள்ள முடியலை. பல்லவியோட மூணாவது, நாலாவது கட்டத்துல G6-ன்னு நீளமா காட்டுச்சு. G6-ல இருக்கிற ஸ்வரம் G, B, D, E. Em7-ல இருக்கிறது E, G, B, D. அதே நாலு! பெட்டியை மட்டும் எண்ணிப் பார்த்தா ரெண்டையும் பிரிக்கவே முடியாது. பிரிக்கணும்னா ரொம்பக் கீழ ஒலிக்கிறது எதுன்னு பார்க்கணும். G-யா இருந்தா G கார்டு, E-யா இருந்தா Em. Chordino-வும் கீழ் ஒலியைத் தனியாப் பார்க்கும், ஆனா இந்தக் கேசட்டுல பேஸ் தேஞ்சு கிடக்கு. அதனால Audacity-ல "Low-Pass Filter"-ஐ 200 ஹெர்ட்ஸ்ல வெச்சு மேல இருக்கிறதை எல்லாம் அமுக்கிட்டு, ஹெட்ஃபோன்ல கேட்டோம். போன் ஸ்பீக்கர்ல இது கேக்காது. தூரத்துல பேஸ் கித்தார் டும் டும்னுது. தம்பியை அதோட சேர்த்து முனகச் சொல்லி, முனகினதைத் தடிக் கம்பியில தேடச் சொன்னேன். விரல் வைக்காத கம்பியிலேயே கிடைச்சுது. E. அப்ப Em.

பல்லவி சார்ட் இவ்வளவுதான், ஒரு கட்டம் நாலு எண்ணிக்கை:

```
| G  | G  | Em | Em |
| C  | D  | G  | G  |
```

தம்பிக்குத் தெரிஞ்ச அதே நாலு கார்டு. சிரிப்பு வந்துச்சு அவருக்கு.

சரணத்துல ஒரு F வந்துச்சு. G ஸ்ருதியில F-க்கு என்ன வேலை, இதுவும் தப்புன்னு தம்பி அடிக்கப் போனார். நான் நிறுத்தினேன். ஏன்னா இது ரெண்டு கட்டம் முழுசா நிக்குது, ரெண்டாவது தடவை அதே வரி வரும்போதும் அதே இடத்துல வருது. தப்பு அப்படி ஒழுங்கா வராது. அப்பா பாடுறதைக் கேட்டா விஷயம் புரிஞ்சுது. பல்லவியில காகலி நிஷாதம் பாடினவர், இந்த வரியில கைசிகி நிஷாதத்துக்கு இறங்கி அதுலயே நிக்கிறார். G-யை ஸாவா வெச்சா கைசிகி நிஷாதம் F-தான். நம்ம மெட்டுகள்ல இது சகஜம். இணையத்துல கிடைக்கிற "இந்த ஸ்கேலுக்கு இந்த ஏழு கார்டு"ங்கிற அட்டவணையை வெச்சுத் திருத்தப் போனா, பாட்டுல இருக்கிற நல்ல இடத்தைத்தான் முதல்ல அழிப்போம்.

ஆனா மூணு மாசக் கைக்கு F பிடிக்க வராது. எல்லாரும் சொல்ற குறுக்கு வழி Fmaj7, முதல் கம்பியை விட்டுட்டா போதும். வாசிச்சுப் பார்த்தோம், உறுத்துது. விட்ட கம்பி E, அப்பா நிக்கிறது F. ரெண்டும் ஒட்டி ஒட்டி உரசுது. அதுக்குப் பதிலா Dm போட்டோம். D, F, A. அப்பாவோட F உள்ளேயே இருக்கு, விரலுக்கும் சுலபம். பேஸ் மட்டும் கேசட்டோட சேராது. தனியா உட்கார்ந்து பாடி வாசிக்கிறவருக்கு அது தெரியாது. சார்ட்டுல Dm-னு எழுதி, ஓரத்துல பென்சில்ல F-ன்னு குறிச்சு வெச்சிருக்கோம். விரல் பழகினதும் மாத்திக்கட்டும்.

```
| Em | Em | C  | G  |
| Dm | Dm | C  | D  |
```

இப்ப தம்பிக்கு C-யில இருந்து D-க்குப் போறப்ப விரல் இடறுது. அந்த இடம் வந்தா மட்டும் பாட்டு நின்னு, மூச்சு வாங்கிட்டுப் போகுது. அம்மா பக்கத்துல உட்கார்ந்து தாளம் போடுறாங்களாம்.

ரெண்டாவது சரணத்துல பாதியில டேப் தீர்ந்துடுது. அப்பா ஒரு சொல்லை இழுத்துட்டு இருக்கும்போதே டக்குனு ஓசை நின்னுடும். முதல் சரணத்தைப் பார்த்து மிச்சத்தை நிரப்பிடலாம்னு சொன்னேன். தம்பி வேண்டாம்னுட்டார். சார்ட்டோட கடைசி வரியில நாலு கட்டம் கோடு போட்டு காலியாவே வெச்சிருக்கார்.